எட்டு விநாடிக்கு எத்தனை எழுத்து?
காணொலிக்குப் பின்னணிக் குரல் எழுதும்போது கற்றுக்கொண்டவை

சின்னாளப்பட்டியின் சுங்குடிச் சேலை பற்றி எங்கள் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு நிமிடக் காணொலி ஒன்றைத் தயாரித்தார்கள். படப்பிடிப்புக்கு ஒரு சனிக்கிழமை போதுமானதாக இருந்தது. கைப்பேசியில் எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்ட இரண்டு நாள் மாலை வேளைகள். பின்னணிக் குரலைப் பொருத்தத்தான் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் நாங்கள் செய்த தவறுகளையும், பிறகு பிடிபட்ட ஒரு எளிய கணக்கையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். வகுப்பறைக்குக் காணொலி தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் இதே சிக்கல் வந்திருக்கும்.

முதலில் சிக்கல் எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். துணியில் முடிச்சுப் போடும் காட்சியில் வருபவர் எங்கள் மாணவன் ஒருவனின் அப்பத்தா. இன்று சந்தைக்கு வரும் சுங்குடியில் பெரும்பகுதி மெழுகு அச்சிலும் பிற அச்சு முறைகளிலும் உருவாகிறது. கையால் முடிச்சுப் போடுபவர்கள் குறைவு. அந்த அம்மா ஒரு சேலையை முடிச்சிட்டு, சாயமேற்றி, அவிழ்க்கும் வரை நாங்கள் எடுத்த காட்சிகளில் தெளிவாக இருந்தவை சில விநாடிகள்தான். திரும்ப எடுக்கலாம் என்றால் அந்தச் சேலை முடிந்துவிட்டது. எனவே படத்தை நீட்ட வழியில்லை. குரல்தான் படத்துக்கு இணங்க வேண்டும்.

அவருடைய பேரன்தான் குரல் கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் முதலில் ஒப்புக்கொண்டார்கள். அவன் நிறுத்தி நிதானமாகப் படிப்பவன். ஒவ்வொரு சொல்லையும் பார்த்து, உறுதி செய்துகொண்டு, பிறகே சொல்வான். முதல் ஒத்திகையில் அவன் ஒரு காட்சிக்கு உரிய வரியைப் படித்து முடிப்பதற்குள் திரையில் அடுத்த காட்சி பாதி ஓடியிருந்தது. "சார், இவன் வேணாம். அவளைப் படிக்கச் சொல்லலாம், அவ வேகமாப் படிப்பா" என்றார்கள் குழுவினர். அவனும் தாளைக் கீழே வைத்துவிட்டான். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். குறை படிப்பவனிடமா, எழுதியதிலா என்பது எனக்கே அப்போது தெரியாது.

வரி நீளமா, குட்டையா என்பதை நாங்கள் அதுவரை சொற்களை எண்ணித்தான் பார்த்துவந்தோம். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று கணக்கிடும் பழக்கம் உண்டு. தமிழில் அது ஏமாற்றிவிடும். 'வந்தான்' என்பதும் ஒரு சொல், 'வந்துகொண்டிருக்கிறார்களாம்' என்பதும் ஒரு சொல். வேற்றுமை உருபு, துணைவினை, இடைச்சொல் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டே போகும் மொழியில், பத்துச் சொல் வரி மூன்று விநாடியிலும் முடியலாம், எட்டு விநாடியும் இழுக்கலாம்.

எனவே எழுத்தை எண்ணினோம். உயிரெழுத்தையும் உயிர்மெய்யெழுத்தையும் மட்டும் எண்ண வேண்டும், புள்ளி வைத்த மெய்யெழுத்தை விட்டுவிட வேண்டும். 'முடிச்சு' என்றால் மூன்று. 'கட்டுகிறார்கள்' என்றால் ஐந்து. யாப்பிலக்கணத்தில் அடியின் எழுத்தை எண்ணும்போதும் ஒற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதைத் தமிழாசிரியர்கள் நினைவுகூரலாம்.

எழுத்துக்கு உரிய ஒலிநேரத்தை மாத்திரை என்று அளந்து வைத்தது நம் இலக்கணம். கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்று அதற்கு விளக்கமும் தந்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அப்படியானால் மாத்திரையையே எண்ணலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். எண்ணிப் பார்த்தோம். 'நிழல் விழும்' என்பதும் 'சாயம் போகும்' என்பதும் நான்கு நான்கு எழுத்துதான். ஆனால் முன்னதற்கு ஐந்து மாத்திரை, பின்னதற்கு ஏழு. சொல்லிப் பார்த்தால் பின்னது சற்று நீள்வது காதுக்கே தெரிகிறது. ஆனாலும் இன்று நாம் பேசும் வேகத்தில் நெடில் எப்போதும் குறிலைப் போல இருமடங்கு நீள்வதில்லை. போதாக்குறைக்குக் குற்றியலுகரம், ஐகாரக்குறுக்கம் என்று கழிக்கத் தொடங்கினால் காணொலி முடிந்தபாடில்லை. ஆகவே எழுத்துக் கணக்கை அடிப்படையாக வைத்தோம். ஒரு வரி மயிரிழையில் பொருந்தாமல் போகும்போது மட்டும், நெடில் மிகுந்த சொல்லுக்குப் பதிலாகக் குறில் மிகுந்த சொல் கிடைக்குமா என்று பார்ப்போம்.

அடுத்தது படிப்பவரின் வேகம். இதைப் பொதுவான ஓர் எண்ணாக யாரிடமிருந்தும் கடன் வாங்க முடியாது. 120 எழுத்து வருமாறு ஒரு பத்தி எழுதி, அதைப் படிக்கப்போகும் மாணவரிடமே கொடுத்து, மூன்று முறை படிக்கச் சொல்லி நேரம் பார்க்க வேண்டும். ஒலிவாங்கியின் முன் நிற்கவைத்தே படிக்கச் சொல்வது நல்லது. பெஞ்சில் உட்கார்ந்து தோழர்களிடம் படிக்கும் வேகம் வேறு. பதற்றத்தில் பெரும்பாலான பிள்ளைகள் வேகமெடுத்துவிடுகிறார்கள். எங்கள் மாணவனுக்கு 120 எழுத்துக்கு 30 விநாடி, அதாவது விநாடிக்கு 4 எழுத்து. வேகமாகப் படிப்பாள் என்று எல்லோரும் காட்டிய மாணவிக்கு 20 விநாடி, விநாடிக்கு 6 எழுத்து.

இந்த இரண்டு எண்களும் கையில் வந்ததும் விவகாரம் தெளிவானது. காணொலியின் நடுப்பகுதியில் வரும் மூன்று காட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முடிச்சுப் போடும் விரல்கள் 0:31 முதல் 0:39 வரை, எட்டு விநாடி. சாயத்தில் முக்குவது 0:44 வரை, ஐந்து விநாடி. முடிச்சுகளை அவிழ்ப்பது 0:53 வரை, ஒன்பது விநாடி.

காட்சி எட்டு விநாடி என்பதால் குரலுக்கும் எட்டு விநாடி என்று கொள்ளக் கூடாது. படம் மாறிய கணத்திலேயே குரல் தொடங்கினால் கண்ணும் காதும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். காட்சி மாறி அரை விநாடி கழித்துத் தொடங்கி, அடுத்த காட்சிக்கு அரை விநாடி முன்னதாக முடிக்க வேண்டும். எனவே முதல் காட்சிக்குக் குரல் இடம் 7 விநாடி. நம் மாணவனின் வேகத்தில் 28 எழுத்து. அங்கே மாணவர்கள் எழுதியிருந்த வரி இது:

'சுங்குடிச் சேலை என்பது துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி எடுத்து நூலால் மிக இறுக்கமாகக் கட்டப்பட்டுத் தயாரிக்கப்படும் ஒரு பாரம்பரியமான சேலை ஆகும்.'

எண்ணினால் 55 எழுத்து. அவனுக்குக் கிட்டத்தட்ட 14 விநாடி வேண்டும். சரி, விநாடிக்கு 6 எழுத்து படிக்கும் மாணவிக்கு? 9 விநாடிக்கு மேல். முழுக் காட்சியே எட்டு விநாடிதான். அதாவது வகுப்பிலேயே வேகமான குரலுக்கும் இந்த வரி பொருந்தாது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஒருவன், "அப்ப வரிதான் சார் பெருசு" என்றான். தாளைக் கீழே வைத்தவன் அதை மறுபடி கையில் எடுத்தான்.

இப்போது வெட்டும் வேலை. பாடநூல் மொழியில் பழகியதால் நம் மாணவர்கள் எந்த வரியையும் 'என்பது' என்று தொடங்கி 'ஆகும்' என்று முடிக்கிறார்கள். நாமும்தான். இவை முதலில் போயின. 'மிக', 'பாரம்பரியமான' இரண்டும் போயின. 'கட்டப்பட்டுத் தயாரிக்கப்படும்' என்ற செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்கியதும் இப்படி வந்தது: 'துணியைச் சிறிது சிறிதாகக் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கமாகக் கட்டுகிறார்கள்.' 27 எழுத்து. இடம் 28. பொருந்திவிட்டது என்று கைதட்டினார்கள்.

படத்தோடு ஓட்டிப் பார்த்தபோது எனக்கு நிறைவில்லை. கணக்கில் பொருந்திய வரி காதில் நெருக்கியது, மூச்சு விட இடமே இல்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. விரல்கள் துணியைக் கிள்ளுவதும் நூல் சுற்றுவதும் திரையில் தெளிவாகத் தெரிகின்றன. குரலும் அதையே சொல்கிறது. வானொலிக்கு எழுதினால் அந்த வரி தேவை. படம் இருக்கும் இடத்தில் அது இரட்டிப்பு. மாணவர்களிடம், "படத்துல தெரியாத எதையாவது சொல்லுங்க" என்றேன். இரண்டு விஷயம் வந்தது. ஒன்று, அந்தக் கை யாருடையது என்பது. மற்றது, எதற்காக முடிச்சு என்பது. இறுதி வரி இதுதான்:

'என் அப்பத்தா கட்டும் முடிச்சு இது. இந்த முடிச்சுக்குள் சாயம் போகாது.'

22 எழுத்து, ஐந்தரை விநாடி. மீதி ஒன்றரை விநாடியை இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் விட்டோம். அந்த இடைவெளியில் விரல்கள் இன்னொரு முடிச்சை முடிக்கின்றன. வேகமாகப் படிக்கும் மாணவி இந்த வரியைச் சொல்லவே முடியாது என்பதையும் கவனியுங்கள், அது அவளுடைய அப்பத்தா இல்லை.

இரண்டாவது காட்சியை விரைவாகச் சொல்லிவிடலாம். ஐந்து விநாடிக் காட்சி, நான்கு விநாடி குரல், 16 எழுத்து. இருந்த வரி: 'பின்னர் அத்துணியானது சாயத்தில் முக்கி எடுக்கப்பட்டு, பிழியப்பட்டு, உலர்த்தப்படுகிறது.' 31 எழுத்து. 'பின்னர்' தேவையில்லை, படம் மாறியதே அதைச் சொல்லிவிட்டது. 'அத்துணியானது' என்பதும் அப்படியே. 'படு' மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதை எடுத்தோம். 'சாயத்தில் முக்கி, பிழிந்து காய வைக்கிறார்கள்.' 14 எழுத்து, மூன்றரை விநாடி. ஒரு செய்தியும் குறையவில்லை.

இலக்கத்தில் எழுதிய எண்கள் பற்றி இங்கேயே ஒரு எச்சரிக்கை. எங்கள் ஊரை அடுத்த காந்திகிராமம் 1947இல் தொடங்கப்பட்டது என்று காணொலியின் முன்பகுதியில் ஒரு வரி இருந்தது. தாளில் '1947இல்' கடுகளவு இடம்தான் பிடிக்கிறது. வாயில் அது 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில்' என்று விரிந்து 13 எழுத்தாகிறது, நம் மாணவனுக்கு மூன்று விநாடிக்கும் மேல். 'சுதந்திரம் பெற்ற ஆண்டில்' என்றால் எட்டு எழுத்து, அதோடு கேட்பவருக்குச் சட்டென்று புரியவும் செய்கிறது. குரலுக்கு எழுதும் தாளில் எண்களை எப்போதும் எழுத்தாலேயே எழுதச் சொல்லுங்கள். எண்ணிக்கை தவறாமல் இருக்கும், படிப்பவரும் தடுமாற மாட்டார்.

மூன்றாவது காட்சியில் சிக்கல் தலைகீழானது. படம் ஒன்பது விநாடி. வரியோ 'முடிச்சுகளை அவிழ்த்ததும் புள்ளிகள் தெரியும்' என்ற 15 எழுத்து, நான்கு விநாடிகூட வராது. நீட்ட வேண்டும். மாணவர்கள் உடனே அடைமொழிகளைக் கொண்டுவந்தார்கள்: அழகிய, கண்ணைக் கவரும், வெண்ணிலவு போன்ற. நீட்டுவதென்றால் சொல் சேர்ப்பது என்றே எல்லோரும் நினைக்கிறோம். சொல் சேர்ப்பதை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன்.

இன்னொருவன் கைப்பேசிச் செயலியில் குரலின் வேகத்தைக் குறைக்கலாம் என்றான். முயன்றோம். பத்தில் ஒரு பங்கு குறைத்தபோது பெரிதாகத் தெரியவில்லை. அதற்கு மேல் போனதும் உயிரொலிகள் இழுபட்டு, தூக்கத்தில் பேசுவது போலாகிவிட்டது. படத்தை மெதுவாக்கலாம் என்றும் பார்த்தோம். சாதாரண வேகத்தில் எடுத்த படத்தைச் செயலியில் மெதுவாக்கினால் அசைவு விட்டுவிட்டுத் துள்ளுகிறது. விரல் வேலையைக் காட்டும் காட்சியில் அது ஆகாது.

விடை அந்தக் காட்சியின் உள்ளேயே இருந்தது. சாயம் காய்ந்த துணியின் இரு முனையையும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் வரிசையாகத் தெறித்து அவிழும். அந்த ஓசை எங்கள் பதிவில் நன்றாக விழுந்திருந்தது. குரலின் அவசரத்தில் அதை யாருமே கேட்கவில்லை, ஒலியைக் குறைத்தே வைத்திருந்தோம். 0:44 முதல் 0:49 வரை குரலை எடுத்துவிட்டு அந்த ஓசையை மட்டும் கேட்கவிட்டோம். 0:49இல் குரல் தொடங்குகிறது: 'முடிச்சு இருந்த இடமெல்லாம் புள்ளி.' 12 எழுத்து, மூன்று விநாடி. ஒன்பது விநாடிக் காட்சிக்கு முதலில் எழுதியதைவிடக் குறைவான எழுத்து. ஆனாலும் காட்சி வெறுமையாக இல்லை.

'புள்ளி' என்ற சொல் கடைசியில் நிற்பதும் திட்டமிட்டதுதான். துணி விரிந்து புள்ளிகள் திரையை நிறைப்பது 0:51க்குப் பிறகு. சொல் அங்கே போய் விழ வேண்டும். தமிழில் பெயருக்கு முன்னால் எவ்வளவு நீளமான பெயரெச்சத் தொடரையும் அடுக்க முடியும் என்பதால் இதில் கவனம் தேவை. 'சாயத்தில் முக்கிக் காய வைத்த பிறகு அவிழ்க்கப்படும் முடிச்சு' என்று எழுதினால், திரையில் முதலிலேயே முடிச்சைக் காட்டிவிட்டுக் குரல் அந்தச் சொல்லுக்கு வந்து சேர நான்கைந்து விநாடி ஆகும். அதற்குள் பார்ப்பவரின் கண் வேறிடம் போய்விடும். அதே சமயம், சொற்களை முன்பின் மாற்றி அமைக்கும் வசதியும் தமிழில்தான் அதிகம். முதல் காட்சியில் 'இது என் அப்பத்தா கட்டும் முடிச்சு' என்றும் சொல்லலாம், 'என் அப்பத்தா கட்டும் முடிச்சு இது' என்றும் சொல்லலாம். அளவு ஒன்றே, முடிச்சு என்ற சொல் விழும் இடம் அரை விநாடி முன்னே வருகிறது. அந்த அரை விநாடியில்தான் கை நூலை இறுக்கி இழுக்கிறது.

மூன்று காட்சிக்கும் சேர்த்து, 22 விநாடியில் முதலில் 101 எழுத்து இருந்தது. முடிவில் 48. பன்னிரண்டு விநாடிக் குரல், பத்து விநாடி இடைவெளி.

இந்தக் கட்டுப்பாடு கைப்பேசிக் காலத்துக்கு மட்டும் உரியதன்று. ஏ. கே. செட்டியார் உலகெங்கும் அலைந்து காந்தியடிகளைப் பற்றிச் சேர்த்த படச்சுருள்கள் ஏறத்தாழ 50,000 அடி. அவற்றை 12,000 அடியாகச் சுருக்கித் தமிழ் விளக்கவுரையோடு 1940இல் வெளியிட்டார். ஒலிப்படத்தின் 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆகவே 12,000 அடி என்பது இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எவரோ, எங்கோ, எப்போதோ எடுத்த காட்சிகள் அவை. நீளம் போதவில்லை என்று திரும்ப எடுக்க முடியாது. பின்னாளில் 1948இல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திப் படங்களைத் திரையரங்குகளில் பார்த்தவர்கள் நம்மில் மூத்தவர்கள் இருப்பார்கள். ஒரே படம், பல மொழிக் குரல். இந்தியில் ஆறு விநாடியில் அடங்கிய செய்தி தமிழிலும் அதே ஆறு விநாடிக்குள் அடங்கியாக வேண்டும். அங்கே நேரடி மொழிபெயர்ப்பு உதவாது, படத்தைப் பார்த்துப் புதிதாகத்தான் எழுத வேண்டும். ஆங்கிலக் காணொலிக்குத் தமிழ்க் குரல் சேர்க்கும் அறிவியல் ஆசிரியர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

பொருந்தாத வரியைக் கண்டுபிடிக்க எப்போதும் கடிகாரம் வேண்டியதில்லை. சொல்லின் கடைசியைக் கேளுங்கள். அவசரத்தில் படிப்பவர்கள் முதலில் விழுங்குவது விகுதியைத்தான். 'கட்டுகிறார்கள்' என்பது 'கட்டுறாங்' என்று தேய்ந்தால் அந்த வரியில் இரண்டு மூன்று எழுத்து கூடுதலாக இருக்கிறது என்று பொருள். உச்சரிப்பைத் திருத்துவதற்கு முன் வரியைத் திருத்திப் பாருங்கள், பெரும்பாலும் உச்சரிப்பு தானாகச் சரியாகிவிடும். வாக்கியத்தின் நடுவே மூச்சு இழுக்கும் ஓசை கேட்டால் அங்கே வாக்கியத்தை இரண்டாக்க வேண்டும். மூன்றாவதாக, படத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். எல்லாமே முழுமையாகப் புரிந்துவிட்டால், குரல் படத்துக்கு வேலை வைக்கவில்லை என்று அர்த்தம், இன்னும் வெட்டலாம். எதுவுமே புரியாவிட்டால் அளவுக்கு மீறி வெட்டிவிட்டோம். முடிச்சுக் காட்சியை இப்படிக் கேட்டபோது, "ஏதோ முடிச்சு, ஏதோ சாயம், என்னன்னு பாக்கணும் போல இருக்கு" என்றார் எங்கள் கணித ஆசிரியை. அதற்கு மேல் அந்த வரியைத் தொடவில்லை.

எழுத்துக் கணக்குக்கு எல்லை உண்டு. கேள்வி வாக்கியமும் உணர்ச்சி வாக்கியமும் ஒரே எழுத்தளவில் வெவ்வேறு நேரம் எடுக்கும். பேச்சு வழக்கில் எழுதினால் வேகம் கூடிவிடும், அதற்குத் தனியாக அளக்க வேண்டும். ஆறாம் வகுப்புக் குழந்தையின் எண்ணை எட்டாம் வகுப்புக்கு வைக்க முடியாது. ஒரே மாணவர்கூடக் காலையில் படிப்பதும் விளையாட்டு வேளைக்குப் பிறகு படிப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. முதல் வரைவைப் படத்தின் அருகில் கொண்டுபோய் நிறுத்தத்தான் கணக்கு. அதன் பிறகு காதுதான்.

பதிவு நாளன்று வெளியே சத்தம் அடங்கட்டும் என்று மாலை வரை காத்திருந்தோம். கைப்பேசியில் படத்தை ஒலியின்றி ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே அவனைப் பேசச் சொன்னோம். முதல் இரண்டு காட்சிகளும் நின்றுவிட்டன. மூன்றாவதில், முடிச்சு அவிழும் ஐந்து விநாடி, அவன் வாயைத் திறக்காமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். மறந்துவிட்டானோ என்று நான் கையைத் தூக்கப் போனேன். "இருங்க சார், இன்னும் வரல" என்று மெல்லச் சொன்னான். அந்தச் சொற்களும் பதிவில் விழுந்துவிட்டதால் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி எடுத்தோம்.

அடுத்து, தறியில் நெய்யும் காட்சி 40 விநாடிக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் தறியின் ஓசை ஒரு கணமும் ஓய்வதில்லை. குரலை எங்கே நுழைப்பது என்று எட்டாம் வகுப்பில் இந்த வாரம் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.